18 சதவீதமா, 14 சதவீதமா?

ஐந்து ஆண்டுகளில் ஒரு பங்கு ஃபண்ட் ஆண்டுக்குச் சராசரியாக 18 சதவீதம் ஈட்டியது. இன்னொன்று 14 சதவீதம் ஈட்டியது. இதை மட்டும் பார்த்தால் முதல் ஃபண்டே மேல். ஆனால் அந்த 18 சதவீதத்தை எட்டும் வழியில் ஃபண்டின் மதிப்பு எவ்வளவு ஏறி இறங்கியது என்பதை லாப எண் சொல்வதில்லை.

அதைச் சொல்வது திட்ட விலக்கம். ஃபண்டின் ஆதாயம் தன் சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகுகிறது என்பதற்கான அளவு இது. முதல் ஃபண்டுக்கு (இதை 'அ' என்போம்) இது 20, 'ஆ'வுக்கு 12 என்று வைத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ மூன்றில் இரண்டு ஆண்டுகளில் 'அ'வின் ஆதாயம் 2 சதவீத நஷ்டத்துக்கும் 38 சதவீத லாபத்துக்கும் இடையே இருக்கும். 'ஆ'வில் அந்த எல்லைகள் 2 சதவீதமும் 26 சதவீதமும், இரண்டுமே லாபம்தான்.

லாபத்தையும் ஏற்றஇறக்கத்தையும் ஒரே எண்ணில் சேர்க்கும் வழியை அமெரிக்கப் பொருளியலாளர் வில்லியம் ஷார்ப் 1966-இல் 34 மியூச்சுவல் ஃபண்டுகளை ஆராய்ந்த கட்டுரையில் கையாண்டார். ரிஸ்க்கே எடுக்காமல் அரசின் கருவூல பில்லில் போட்டிருந்தாலும் கிடைத்திருக்கும் வட்டியை முதலில் கழித்துவிட வேண்டும். அதற்காக ஃபண்ட் மேலாளரைப் பாராட்ட ஒன்றுமில்லை. மிஞ்சும் கூடுதல் லாபம், ஒவ்வோர் அலகு ஏற்றஇறக்கத்துக்கும் எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பதே ஷார்ப் விகிதம். பில் வட்டி 6 சதவீதம் என்றால் 'அ' கூடுதலாகத் தருவது 12. அதை 20 அலகுக்குப் பங்கிட்டால் 0.60. 'ஆ' தருவது 8. 12 அலகுக்குப் பங்கிட்டால் 0.67.

குறைந்த லாபம் தந்த 'ஆ' எப்படி மேல் என்ற கேள்வி இங்கே எழும். ஒரு லட்ச ரூபாயை வைத்துப் பார்த்தால் விளங்கிவிடும். 60,000 ரூபாயை 'அ'விலும் 40,000 ரூபாயைக் கருவூல பில்லிலும் போட்டால், மொத்தப் பணத்தின் ஏற்றஇறக்கம் 20-இலிருந்து 12-ஆகக் குறைந்து 'ஆ'வுக்குச் சமமாகும். ஓராண்டில் 'அ'விலிருந்து 10,800 ரூபாய், பில்லிலிருந்து 2,400 ரூபாய், ஆக 13,200 ரூபாய் வரும். அதே ஒரு லட்சத்தை முழுதாக 'ஆ'வில் போட்டிருந்தால் 14,000 ரூபாய். ஒரே அளவு ஏற்றஇறக்கத்தைத் தாங்கியும் 'அ' வழியில் போனவருக்கு 800 ரூபாய் குறைவு. விகிதம் சொல்வது இவ்வளவுதான். 20 அலகு ஆட்டத்தையும் தாங்கக்கூடியவருக்கு 'அ' கையில் தந்த பணம் அதிகம் என்பதை அது மறுக்கவில்லை.

இந்திய ஃபண்ட் நிறுவனங்களின் மாதாந்திர ஃபேக்ட்ஷீட்டில் இந்த எண் அச்சாகியிருக்கும். பெரும்பாலும் கடைசி மூன்றாண்டு மாதக் கணக்கிலிருந்து எடுத்தது. ரிஸ்க் இல்லாத வட்டியாகப் பல நிறுவனங்கள் ஓவர்நைட் மைபாரைக் கொள்கின்றன. இரண்டு ஃபேக்ட்ஷீட்டுகளை அருகருகே வைக்கும்போது அடிக்குறிப்பில் காலமும் வட்டியும் ஒன்றுதானா என்று பார்த்துவிட வேண்டும். ஸ்மால்கேப் ஃபண்டையும் கடன் ஃபண்டையும் இந்த எண்ணால் ஒப்பிடுவதில் பயன் குறைவு. ஒரே வகைக்குள் ஒப்பிடுவதே முறை.

மூன்றாண்டு என்பது மிகக் குறுகிய காலம். அவ்வளவு குறைந்த தரவில் ஒரு ஃபண்டின் விகிதம் வெறும் தற்செயலாலேயே அரை அலகுவரை கூடலாம், குறையலாம். ஆகவே 0.60-க்கும் 0.67-க்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டும் நம்பி ஃபண்டை மாற்றுவது அவசரம். பல காலகட்டங்களில் தொடர்ந்து ஒன்றே முந்தினால்தான் அதற்கு எடை உண்டு.

சந்தை சரிந்த காலத்தில் இந்த எண் குழப்பவும் செய்யும். இரண்டு ஃபண்டுகளும் 2 சதவீதமே ஈட்டியிருந்தால் இரண்டும் பில்லைவிட 4 சதவீதம் பின்தங்கியவை. அந்தக் குறையைப் பங்கிட்டால் அதிகம் ஆடிய 'அ'வுக்கு மைனஸ் 0.20, அடக்கமாக இருந்த 'ஆ'வுக்கு மைனஸ் 0.33. மோசமானது மேலானதாகத் தெரிகிறது. விகிதம் மைனஸில் இருந்தால் அதை வைத்துத் தரவரிசை போடக் கூடாது.

அமைதியான ஃபண்டெல்லாம் பத்திரமானதும் அல்ல. எளிதில் விற்க முடியாத கடன் பத்திரங்களின் விலை தினமும் அசைவதில்லை. அதனால் அவற்றை வைத்திருக்கும் ஃபண்டின் திட்ட விலக்கம் குறைவாகவும் ஷார்ப் விகிதம் அழகாகவும் இருக்கும். 2020 ஏப்ரலில் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் இந்தியாவில் ஆறு கடன் திட்டங்களை மூடியபோது முதலீட்டாளர்களின் பணம் முடங்கியது. பிறகு தவணை தவணையாகத்தான் திரும்பி வந்தது. இப்படிப்பட்ட ஆபத்து நடந்து முடியும்வரை எந்த ஏற்றஇறக்கக் கணக்கிலும் ஏறுவதில்லை. கடன் ஃபண்டை எடைபோடுபவர் விகிதத்தைப் பார்க்கும் முன், அதன் பத்திரங்களின் தரமதிப்பீட்டுப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.