குத்தகையா, உரிமமா? சுவாதீனமே விடை சொல்லும்

மும்பையின் வடகிழக்கு எல்லையில், தாணே நகருக்கு முன்னதாக அமைந்துள்ள முலுண்டில் வீடு தேடிச் செல்பவர்க்கு முதலில் அறிமுகமாகும் சட்டச்சொல் ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ என்பதாகும். அங்கே வீட்டை வாடகைக்கு விடுகிறேன் என்று எவரும் எழுதிக் கொடுப்பதில்லை. ‘தங்கிப் பயன்படுத்த அனுமதி அளிக்கிறேன்’ என்றே எழுதுகிறார்கள். மாதந்தோறும் தரப்படும் தொகைக்கும் ‘உரிமக் கட்டணம்’ என்றே பெயர். இச்சொல்லாட்சிக்குப் பின்னால் நீண்ட வழக்கு வரலாறு இருக்கிறது.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 105ஆம் பிரிவில், அசையாச் சொத்தை அனுபவிக்கும் உரிமையை ஒருவர் மற்றொருவருக்கு மாற்றித் தருவதே குத்தகை என்று கூறுகிறது. நாம் வாடகை என்று வழங்குவதும் இதில் அடங்கும். அதே ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், 52ஆம் பிரிவில், உரிமத்தை விளக்குகிறது. அனுமதியின்றிச் செய்தால் சட்டவிரோதமாகிவிடக்கூடிய ஒரு செயலைப் பிறர் நிலத்திலோ கட்டடத்திலோ செய்வதற்குப் பெறும் இசைவே உரிமமாகும். அதனால் அச்சொத்தில் எவ்வித உரிமைப் பங்கும் ஏற்படுவதில்லை.

விளைவுகளில் இவ்வேறுபாடு பெரிது. வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டால், வாங்கியவர் குத்தகையை மதித்தே ஆகவேண்டும். உரிமம் அவரைக் கட்டுப்படுத்தாது. குத்தகை, பொதுவாக, வாரிசுகளுக்குச் சேரும். உரிமம் பெற்றவருடன் முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு குத்தகைதாரருக்கே உரியதாக இருந்தது. 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம் வாடகை உயர்வையும் வெளியேற்றத்தையும் கட்டுப்படுத்தியவுடன், உரிமையாளர்கள் பத்திரத்தின் தலைப்பை மாற்றிக்கொண்டனர். தலைப்பு மாறினால் உறவும் மாறிவிடுமா என்னும் கேள்வி நீதிமன்றங்களின் முன் வந்து நின்றது.

இதற்கு விடைதந்த முக்கியமான வழக்கு, உச்ச நீதிமன்றம் 1959இல் தீர்ப்பளித்த அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் எதிர் கபூர் வழக்காகும். தில்லி இம்பீரியல் ஹோட்டலில் இரண்டு அறைகளைப் பெற்று முடிதிருத்தும் தொழில் நடத்தியவர் கபூர். 1949 மே முதல் தேதியிலிருந்து ஓராண்டுக்கு என்று எழுதப்பட்ட அந்த ஆவணம், உரிமத்துக்குரிய சொற்களையே கையாண்டிருந்தது. ஆண்டுக்கு ரூ. 9,600, நான்கு தவணைகளில் செலுத்தவேண்டும். அறைகளை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும். இசைவின்றிப் பிறருக்கு மாற்றக்கூடாது. விலக விரும்பினால் மூன்று மாத அறிவிப்புத் தரவேண்டும். கபூர் நியாய வாடகை நிர்ணயிக்குமாறு கோரியபோது, ‘நீர் வாடகைதாரரே அல்லர்’ என்றது ஹோட்டல் நிர்வாகம்.

நீதிபதி சுப்பாராவ் ஆவணத்தின் சொற்களை விடுத்து அதன் உட்பொருளைப் பார்த்தார். அவர் வகுத்த நெறி இதுதான்: ஆவணம் சொத்தில் ஓர் உரிமையைத் தோற்றுவித்தால் அது குத்தகை. சட்டப்படியான சுவாதீனம் உரிமையாளரிடமே தொடர, பயன்படுத்த மட்டும் இடமளித்தால் அது உரிமம். ஒருவருக்குத் தனிச் சுவாதீனம் கிடைத்திருந்தால், முதல் நோக்கில் அவரைக் குத்தகைதாரராகவே கொள்ளவேண்டும். அக்கருத்தைத் தகர்க்கும் சூழ்நிலைகளும் இருக்கலாம். அந்த ஆவணம் குத்தகையே என்று மூவரடங்கிய அமர்வில் இருவர் கருதினர். ஆயினும் கபூருக்கு வெற்றி கிட்டவில்லை. தில்லிச் சட்டம் ஹோட்டல் அறைகளுக்குப் பொருந்தாது என்று பெரும்பான்மையோர் முடிவு செய்ததே காரணம். தோற்றவருடைய வாதம் இன்றளவும் மேற்கோளாக நிற்பது சட்ட வரலாற்றில் அபூர்வமன்று.

தனிச் சுவாதீனத்துக்கு ஏன் இத்தனை வலிமை? சுவாதீனம் என்பது பிறரை உள்ளே விடாமல் தடுக்கும் ஆற்றல். அந்தப் ‘பிறர்’ என்பதில் உரிமையாளரும் அடங்குவாரேயானால், அவர் தம் உரிமையில் ஒரு பகுதியைக் குறிப்பிட்ட காலத்துக்குக் கைமாற்றிவிட்டார் என்றுதான் பொருள். உரிமை மாறியபின் அதற்கு அனுமதி என்று பெயர் சூட்டுவதால் அது திரும்பி வந்துவிடாது.

முலுண்ட் மேற்கில், இரண்டு அறையும் சமையற்கட்டும் உடைய ஒரு குடியிருப்பை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். உரிமையாளர் சென்னைக்கு மாற்றலாகிச் செல்கிறார். ஒரு குடும்பத்துக்கு 11 மாத உரிமப் பத்திரம் எழுதுகிறார். ‘சட்டப்படியான சுவாதீனம் என்னிடமே உள்ளது’, ‘மாற்றுச் சாவி என்னிடம் இருக்கும்’ என இரு வாசகங்களைச் சேர்க்கிறார். நடைமுறையில் அக்குடும்பம் தானே பூட்டித் திறக்கிறது. மாற்றுச் சாவி ஒருநாளும் பயன்படவில்லை. உரிமையாளர் குழாயைப் பழுதுபார்க்க வந்தாலும் அழைப்பு மணியை அழுத்திக் காத்து நிற்கிறார். வாசகங்கள் எவையாயினும், பொதுச் சட்டத்தின் நோக்கில் இது குத்தகையின் தோற்றமே. உள்ளே வந்து பார்வையிடும் உரிமையைப் பத்திரத்தில் கேட்டு வாங்கிக்கொள்வதும் அவருக்குச் சாதகமாகாது. சுவாதீனம் தம்மிடமே இருப்பவர் அதைக் கேட்டுப் பெறவேண்டியதில்லை.

அதே குடியிருப்பில் உரிமையாளரே வசித்துக்கொண்டு, ஓர் அறையை அலுவலகம் செல்லும் இளைஞர் ஒருவருக்குத் தருகிறார் என்று கொள்வோம். சமையற்கட்டு பொது, அறையைத் திறந்து பெருக்குவதும் வீட்டார்தாம். வேண்டுமானால் வேறோர் அறைக்கு மாறச் சொல்லவும் அவர்களால் முடியும். இங்கே இளைஞருக்குப் படுக்க இடமுண்டு, சுவாதீனம் இல்லை. இது உரிமமே.

ஆனால் தனிச் சுவாதீனம் இருந்தும் குத்தகை ஆகாத நிலைகளும் உண்டு. வேலையின் பொருட்டுத் தங்கும் காவலாளியின் குடிலும், உறவின் பேரில் இடம்பெற்ற சகோதரியின் தனிவீடும் அத்தகையவை. அங்கே சட்டப் பிணைப்பை உண்டாக்கும் எண்ணம் இல்லை, அல்லது குடியிருப்பு வேறோர் உறவின் நிழலாக இருக்கிறது. ஆகவேதான் இந்திய நீதிமன்றங்கள் சுவாதீனத்தை முதல் சான்றாகக் கொள்கின்றன. முடிந்த முடிபாகக் கொள்வதில்லை.

மகாராஷ்டிரத்தில் இப்பூசலைச் சட்டமன்றமே இருமுறை குறுக்கிட்டுத் திசைதிருப்பியது. 1973இல் வாடகைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 15ஏ பிரிவு, அவ்வாண்டு பிப்ரவரி முதல் தேதியன்று, ஓர் அறைக்குக் குறையாத இடத்தில் உரிமத்தின்பேரில் இருந்தவர்களை வாடகைதாரர்களாகவே ஆக்கியது. கட்டணம் செலுத்தி வீட்டாருடன் தங்குவோர் போன்ற சிலர் மட்டுமே விலக்கப்பட்டனர். உரிமையாளர்களின் அச்சம் இதனால் பெருகியதில் வியப்பில்லை. வீட்டைப் பூட்டி வைப்பதே மேல் என்று எண்ணியோர் உண்டு.

1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 2000 மார்ச் 31 முதல், நேர்மாறான வழியில் சென்றது. அதன் 24ஆம் பிரிவின்படி, குடியிருப்புக்கான எழுத்துமூல உரிம ஒப்பந்தம், அதில் கூறப்பட்ட செய்திகளுக்கு முடிவான சான்றாகும். காலம் முடிந்தும் வெளியேறாதவர் இருமடங்குக் கட்டணத்தை இழப்பீடாகத் தரவேண்டும். வெளியேற்றும் ஆணையைத் தகுதி வாய்ந்த அதிகாரி பிறப்பிப்பார். எனவே மேற்சொன்ன முலுண்ட் குடும்பம், அந்த அதிகாரியின்முன் ‘சாவி எங்களிடமே இருந்தது’ என்று வாதிட இன்று பெரும்பாலும் வழியில்லை. நீதிமன்றங்கள் வளர்த்த நெறியை இங்கே காகிதம் வென்றுவிட்டது. இது வீட்டு உரிமையாளருக்குத் தந்த பெரிய சலுகை என்பதை மறைப்பதற்கில்லை. பதிவு செய்விக்கும் பொறுப்பு உரிமையாளருடையது. 55ஆம் பிரிவின்படி, எழுதிப் பதிவு செய்யாமல் விட்டால், நிபந்தனைகளைப் பற்றி இடம் பெற்றவர் சொல்வதே, மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை, ஏற்கப்படும்.

24ஆம் பிரிவோ குடியிருப்புக்கு மட்டுமே உரியது. முலுண்ட் நிலையத்துக்கு எதிரே கடையின் ஒரு மூலையில் மேசை போட்டுக் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவரும், முழுக் கடையையும் பெற்று இரவில் தாமே கதவை இறக்கிப் பூட்டிச் செல்பவரும் ஒரே வகையான உரிமப் பத்திரத்தில் கையெழுத்திட்டிருக்கலாம். அவர்களிடையே தகராறு எழுந்தால், அந்தப் பூட்டு யாருடையது என்பதையே நீதிமன்றம் இன்றும் முதலில் கேட்கும்.