பரு போகட்டும், தோல் இருக்கட்டும்

பத்து வினாடிப் பேட்டி ஒன்று. பேசுபவரின் இடது கன்னத்தில் சிவந்த பரு. புகைப்படமானால் ஒருமுறை அழித்தால் போதும். வினாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வீடியோவில் அதே பரு 250 படங்களில் இருக்கிறது. தலை அசைய அசைய இடமும் மாறுகிறது. அதனால்தான் எடிட்டர்கள் பருவின் மேல் ஒரு மாஸ்க்கை வைத்து, அதை முகத்தோடு சேர்ந்து நகரச் செய்கிறார்கள்.

DaVinci Resolve மென்பொருளின் Color பக்கத்தில் இதற்கு வட்ட வடிவ Power Window உண்டு. பரு அளவுக்கு வட்டத்தை வைத்து உடனே டிராக் செய்தால் பெரும்பாலும் வழுக்கிவிடும். அவ்வளவு சிறிய இடத்தில் பிடித்துக்கொள்ளப் போதிய அடையாளங்கள் இருக்காது. எனவே முதலில் கன்னம் முழுவதையும் வட்டத்துக்குள் கொண்டுவந்து டிராக் செய்து, பிறகு வட்டத்தைப் பருவின் மேல் சுருக்குவது நல்லது. அசையும் வாயும் கண் இமையும் உள்ளே வரக்கூடாது. வட்டத்தின் ஓரம் தெரியாதபடி மென்மையாகக் கரைய வேண்டும்.

இனி எதை மாற்றுவது? பலரும் முதலில் மங்கலாக்கத்தான் போவார்கள். ஆனால் பரு கண்ணில் படுவதற்கு முக்கியக் காரணம் அதன் சிவப்பும் கருமையும்தான். வட்டத்துக்குள் சிவப்பைக் குறைத்து, வெளிச்சத்தைச் சற்றே கூட்டினால் பாதி வேலை முடிந்துவிடும். நிறத்தை மட்டும் தொட்டிருப்பதால் தோலின் துளைகள் அப்படியே இருக்கும். அதன் பிறகும் உறுத்தினால் Midtone Detail அளவைப் பூஜ்யத்துக்குக் கீழே கொஞ்சம் இறக்கலாம். அதிகம் இறக்கினால் பருவோடு துளைகளும் அழிந்து, கன்னம் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும்.

புடைத்த பருவுக்கு நிழலும் உண்டு. முகம் திரும்பும்போது அந்த நிழல் பக்கம் மாறும். அந்த இடங்களில் வெளிச்ச அளவைக் கீஃபிரேம் வைத்து மாற்ற வேண்டியிருக்கும். பேசுபவர் கன்னத்தைக் கையால் தொட்டால் மாஸ்க் கையைப் பின்தொடர்ந்து போய்விடும். கை வரும் ஃபிரேம்களில் திருத்தத்தை அணைத்துவிட்டு, கை விலகியதும் மறுபடி டிராக் செய்ய வேண்டும்.

நிறுத்திவைத்த ஃபிரேமில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். பிழை, ஓடவிட்டால்தான் வெளிப்படும். கேமரா பதிவில் தோலின் மேல் நுண்ணிய புள்ளிகள் எப்போதும் துடித்துக்கொண்டிருக்கும். திருத்திய இடம் மட்டும் துடிப்பின்றி உறைந்து கிடந்தால், அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். Key Output பகுதியில் Gain அளவை 1 இலிருந்து 0.6 போல இறக்கினால் பருவின் சாயல் லேசாகத் திரும்பிவரும்; தோலும் உயிர்பெறும்.

கடைசியாக, அந்தப் பேட்டியின் மற்ற ஷாட்களையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒன்றில் மறைந்த பரு அடுத்ததில் தலைகாட்டினால், அதுவரை கவனிக்காத பார்வையாளருக்கும் அது தெரிந்துவிடும்.