இரண்டு பக்கமும் 'கல்'

இந்தியில் 'கல்' என்றால் நேற்று. 'கல்' என்றால் நாளையும்தான். இந்த ஒற்றைச் சொல்லில் ஒரு குழந்தை சிக்கிக்கொள்வதை வைத்து ஒரு சிறுகதை எழுதலாம். அதற்கு வில்லனோ விபத்தோ வேண்டாம். லக்னோவில் ஒரு சமையலறையும், வேலை மும்முரத்தில் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும் ஓர் அம்மாவும் போதும்.

கதையை இப்படி வைத்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை மாலை. ஐந்து வயதுச் சிறுமி, கோரக்பூரிலிருந்து மாமா எப்போது வருவார் என்று கேட்கிறாள். (இந்தியிலும் மாமா மாமாதான்.) ரொட்டி தேய்த்துக்கொண்டிருக்கும் அம்மா தலை நிமிராமல் "கல்" என்கிறாள். சிறுமிக்குத் தெரிந்த 'கல்' வேறு. பூங்காவில் ஊஞ்சலிலிருந்து விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்ட நாள் அது. கட்டு இன்னும் அவிழவில்லை. அந்த நாள்தான் போய்விட்டதே? அப்படியானால் மாமாவும் வந்துவிட்டுப் போய்விட்டாரா? அவள் முன் அறைக்குப் போய், கட்டிலுக்கு அடியில் மாமாவின் பெட்டி இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறாள்.

குழந்தையின் தர்க்கத்தில் பிழை எதுவும் இல்லை. அவளுக்கு ஒரு விவரம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அந்த விவரம் 'கல்' என்ற சொல்லுக்குள் இல்லை.

தமிழில் நேற்று, நாளை என்னும் சொற்கள் ஒரே நேரத்தில் இரண்டு செய்திகளைச் சொல்கின்றன: இன்றிலிருந்து எவ்வளவு தூரம், எந்தப் பக்கம். இந்தி இந்த வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. 'ஆஜ்' என்றால் இன்று. 'கல்' என்றால் இன்றிலிருந்து ஒரு நாள் தள்ளி. 'பர்ஸோன்' என்றால் இரண்டு நாள் தள்ளி. அது முந்தாநாளும் ஆகும், நாளை மறுநாளும் ஆகும். மூன்று நாள் தள்ளி இருப்பதற்கும் 'நர்ஸோன்' என்று ஒரு சொல் உண்டு. சில வட்டாரங்களில் 'தர்ஸோன்' என்பார்கள். இந்தச் சொற்கள் எல்லாம் தூரத்தை மட்டுமே அளக்கின்றன. வீட்டிலிருந்து ஒரு மைல் என்று சொன்னால் கிழக்கா மேற்கா என்பது அதில் இல்லை, அதைப் போலத்தான்.

பக்கத்தைச் சொல்லும் பொறுப்பு வினைச்சொல்லுடையது. 'மாமா கல் ஆயே' என்றால் மாமா நேற்று வந்தார். 'மாமா கல் ஆயேங்கே' என்றால் மாமா நாளை வருவார். இரண்டு வாக்கியங்களுக்கும் வேறுபாடு கடைசியில் ஒட்டும் அந்த 'ங்கே' மட்டும்தான். நேற்றையும் நாளையையும் பிரிக்கும் சுவர் அதுதான், உறுதியான சுவரும்கூட. 'இருக்கிறது' வகை வாக்கியங்களிலும் இதே கதைதான். 'கல் இத்வார் ஹை' என்றால் நாளை ஞாயிற்றுக்கிழமை. 'கல் இத்வார் தா' என்றால் நேற்று ஞாயிற்றுக்கிழமை. அதனால்தான் இந்தி பேசுகிறவர்கள் அன்றாடம் இந்தச் சொல்லில் தடுக்கி விழுவதில்லை. அவர்களில் பலருக்கு இதில் ஒரு புதிர் இருப்பதே, பள்ளியில் ஆங்கிலம் படித்து இரண்டு தனித்தனிச் சொற்களைப் பார்க்கும்போதுதான் உறைக்கும்.

வினை இல்லாத இடத்தில்தான் வம்பு. சல்மான் ருஷ்தி 1981இல் வெளியிட்ட 'மிட்நைட்ஸ் சில்ட்ரன்' நாவலில், நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பவர்களுக்குக் காலத்தின் மீது பிடிப்பு இருக்க முடியாது என்ற பொருளில் ஒரு கிண்டல் வரும். நாவலின் கதைசொல்லிக்கு அது பொருந்தலாம், மொழிக்குப் பொருந்தாது. பிடிப்பு சொல்லிலிருந்து நழுவி வினைக்குப் போயிருக்கிறது, அவ்வளவே. ஆனால் வினையையும் விழுங்கிவிட்டால், பிடிக்க ஒன்றும் மிஞ்சாது. 'கல் கீ மீட்டிங்' என்று யாராவது சொன்னால், முடிந்த கூட்டமா நடக்கப்போகும் கூட்டமா என்று கேட்டுத்தான் ஆகவேண்டும். 'கல் கா அக்பார்' என்றால் கேட்க வேண்டியதில்லை. நாளைய செய்தித்தாளை யாரும் கையில் வைத்திருக்க முடியாது. 'கல் கா சோக்ரா' என்பது, நேற்று முளைத்த பையன் என்று நம் பக்கம் சொல்லும் அதே வசவு. கடைகளில் தொங்கும் 'ஆஜ் நகத், கல் உதார்' என்ற பலகையிலும் வினை இல்லை. இன்று ரொக்கம், நாளை கடன் என்று நம் கடைக்காரர்கள் எழுதி வைப்பதுதான் அது. 'நேற்று கடன்' என்று அதைப் படிக்க ஆசைப்படும் வாடிக்கையாளர் இருக்கலாம். கடைக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஐயம் வரும் என்று தோன்றினால், 'பீதா ஹுவா கல்' (கழிந்துபோன கல்) என்றும் 'ஆனே வாலா கல்' (வரப்போகும் கல்) என்றும் விரித்துச் சொல்லவும் வழி உண்டு. அது சற்றே சடங்கான பேச்சு. ரொட்டி தேய்க்கும்போது யாரும் அப்படிப் பேசுவதில்லை.

1971இல் ரந்தீர் கபூர் இயக்கிய 'கல் ஆஜ் அவுர் கல்' படத்தின் தலைப்பு இந்தச் சொல்லின் இரண்டு முகங்களையும் ஒரே வரியில் வைத்தது. நேற்று, இன்று, நாளை. பிரித்விராஜ் கபூர், அவர் மகன் ராஜ் கபூர், அவர் மகன் ரந்தீர் கபூர் என மூன்று தலைமுறையும் சேர்ந்து நடித்த படம். தலைப்பில் வினை இல்லை. ஆனாலும் யாரும் குழம்பவில்லை. 'இன்று' என்பதற்கு முன்னால் நிற்பது நேற்று, பின்னால் நிற்பது நாளை என்று சொல்லின் வரிசையே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இனி கதைக்குத் திரும்பலாம். சிறுமி பாட்டியிடம் போகிறாள். பாட்டி, 'அந்தக் கல் இல்லையடி, இன்னொரு கல்' என்கிறாள். குழப்பம் இரட்டிப்பாகிறது. எத்தனை இருக்கின்றன? மறுநாள் காலை கண் விழித்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி, 'ஆஜ் கல் ஹை?' இன்றுதான் அந்தக் கல்லா என்பது அவள் கேள்வி. 'ஆஜ்கல்' என்று சேர்த்துச் சொன்னால் இந்தியில் 'இந்தக் காலத்தில்', 'இப்போதெல்லாம்' என்று பொருள் ஆகிவிடும். வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள். அவளுக்கு ஏன் என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை மாமா வந்து சேர்கிறார். புதன்கிழமை பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு அப்பாலிருந்து, மாமா எப்போது வந்தார் என்று கேட்கிறாள். சிறுமி யோசிக்காமல் சொல்கிறாள்: 'மாமா கல் ஆயே.' திங்களன்று அம்மா முழு வாக்கியமாகச் சொல்லியிருந்தால் 'மாமா கல் ஆயேங்கே' என்று சொல்லியிருப்பாள். இரண்டு வாக்கியத்திலும் 'கல்' ஒன்றுதான். அது சுட்டும் நாளும் ஒன்றுதான்: அதே செவ்வாய்க்கிழமை. திங்களிலிருந்து பார்த்தாலும் புதனிலிருந்து பார்த்தாலும் செவ்வாய் ஒரு நாள் தள்ளித்தான் இருக்கிறது. தமிழ் அதே நாளை முதலில் நாளை என்றும் பிறகு நேற்று என்றும் பெயர் மாற்றுகிறது. இந்தி மாற்றுவதில்லை. கதையின் முடிச்சு அவிழும் இடம் இதுதான். எழுதுகிறவர் இதை விளக்காமல், குழந்தை அந்த மூன்று சொற்களைச் சொல்லிவிட்டு ஓடிப்போவதோடு நிறுத்திக்கொண்டால் நல்லது.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? சமஸ்கிருதத்தில் நேற்றுக்கு 'ஹ்யஸ்', நாளைக்கு 'ஸ்வஸ்' என்று தனித்தனிச் சொற்கள் இருந்தன. இந்தி இரண்டையும் கைவிட்டது. அதன் 'கல்' விடியற்காலையைக் குறிக்கும் 'கல்ய' என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து, பிராகிருதத்தின் 'கல்ல' வழியாக வந்தது. காலம் என்று பொருள்படும் 'கால்' என்ற சொல்லோடு பலர் இதை இணைத்துப் பேசுவார்கள்; உச்சரிப்பு நெருக்கமாக இருப்பதால் வரும் எண்ணம் அது. விடியல் நாளையாக மாறுவது அதிசயமில்லை. ஜெர்மன் மொழியில் 'மோர்கன்' காலைக்கும் நாளைக்கும் பொது. ஸ்பானிய 'மன்யானா'வும் அப்படியே. இந்தியில் புதுமை, அந்த விடியல் பின்பக்கமும் திரும்பியதுதான். 'பர்ஸோன்' இன்னும் தெளிவான சாட்சி. அதன் மூலமான 'பரஸ்வஸ்' நாளைக்கு அப்பால் உள்ள நாளை மட்டும் குறித்தது. பிறகுதான் அது முந்தாநாளையும் சேர்த்துக்கொண்டது.

அக்கம்பக்கத்து மொழிகள் எல்லாம் இதே வழியில் போகவில்லை. உருதுவில் இந்தியைப் போலவேதான். வங்காளியில் 'கால்' இரண்டுக்கும் வரும். தெளிவு வேண்டுமானால் 'கதகால்' (கடந்தது), 'ஆகாமிகால்' (வரப்போவது) என்று முன்னொட்டுச் சேர்ப்பார்கள். மராத்தியில் 'கால்' நேற்று மட்டும்தான், நாளைக்கு 'உத்யா'. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தால், அங்கே 'பர்வா' என்ற சொல் முந்தாநாளுக்கும் நாளை மறுநாளுக்கும் ஒன்றாக நிற்கிறது. ஒரு நாள் தூரத்தில் கட்டிய சுவரை இரண்டு நாள் தூரத்தில் கட்டாமல் விட்டுவிட்டார்கள்.

தமிழருக்கு இது அந்நியமாகத் தோன்றுவது சொல் பழக்கத்தால்தான். தமிழிலும் இப்படிப்பட்ட சொற்கள் உண்டு. 'இப்பதான் வந்தார்' என்றால் சற்று முன். 'இப்ப வந்துடுவார்' என்றால் சற்று நேரத்தில். 'இப்ப' என்பது முன்னும் பின்னும் சில நிமிட தூரத்தை மட்டும் சொல்கிறது. பக்கத்தை வினையே தீர்மானிக்கிறது. 'அன்று' என்பதும் அப்படியே: 'அன்று போனோம்' என்றும் 'அன்று போவோம்' என்றும் சொல்லலாம். தமிழ்க் குழந்தை "அப்பா எப்ப வருவார்?" என்று கேட்டு, 'இப்ப' என்று ஒற்றைச் சொல் பதில் கிடைத்தால், லக்னோ சிறுமியைப் போல வாசலுக்கு ஓடவும் கூடும்.

ஆனால் இந்தக் கதையைத் தமிழாக்குகிறவருக்கு 'இப்ப' கை கொடுக்காது. மாமா நாளைதான் வருகிறார், இப்போது அல்ல. 'நேற்று' என்றோ 'நாளை' என்றோ போட்டால் கதையே காணாமல் போகும். அடிக்குறிப்புப் போட்டால் குழந்தை மறைந்து பேராசிரியர் வந்துவிடுவார். மீதமிருப்பது 'கல்' என்றே விட்டுவைப்பது. அங்கேயும் தமிழ் எழுத்தே வழிமறிக்கிறது: தமிழில் 'கல்' என்பது பாறையின் துண்டு, அல்லது படி என்னும் ஏவல். வேற்றுமை உருபு சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். 'கல்லுக்கு', 'கல்லை' என்று எழுதிய மறுகணம் வாசகர் கையில் உருண்டையாக ஒன்று விழுந்துவிடும். மொழிபெயர்ப்பாளர் அந்தச் சொல்லை எங்கும் உருபு ஏற்காதபடி வாக்கியங்களை அமைக்க வேண்டும். அம்மாவின் வாயிலிருந்து முதலில் வரும்போது அதைத் தனி வரியில், மேற்கோள் குறிக்குள், வேறெந்தச் சொல்லும் ஒட்டாமல் நிறுத்த வேண்டும்.