உப்பிய டின், நசுங்கிய டின், துருவேறிய டின்: திறக்காமலே எறிய வேண்டியவை எவை?

இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள கடலோர வீடுகளில் தகரம் விரைவில் துருவேறும். உப்புக் காற்று படும் சமையலறை அலமாரியில் பல மாதங்கள் இருக்கும் மீன் டின், பழக்கூழ் டின், இரசகுல்லா டின் ஆகியவற்றின் விளிம்பில் முதலில் பழுப்பு நிறம் தோன்றும். அத்தகைய டின்களில் எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் திறக்காமலே அப்புறப்படுத்த வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறோம்.

டின்னில் உணவை நிரப்பி, காற்றுப்புகாமல் மூடிய பின்னர் ஆலையில் அதைச் சூடாக்குகிறார்கள். மீன், இறைச்சி, காய்கறி போன்ற புளிப்பற்ற உணவுகளுக்கு ஏறத்தாழ 121 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவைப்படுகிறது. ‘கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்’ என்னும் கிருமியின் வித்துகள் சாதாரணக் கொதிநிலையில் அழியாமையே இதற்குக் காரணம். காற்றில்லாத இடத்தில் அவ்வித்துகள் முளைத்தால், நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சு உருவாகும். அந்நஞ்சுக்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை.

சூடாக்கிய டின் குளிரும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. ஆகவே நல்ல டின்னின் இரு முனைகளும் தட்டையாகவோ சற்று உட்குழிந்தோ இருக்கும். முனை வெளியே தள்ளியிருந்தால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது என்று பொருள். கிருமி பெருகியதால் அது நேர்ந்திருக்கலாம். அன்னாசி, தக்காளி போன்றவற்றின் புளிப்பு உலோகத்தை அரித்து எழுந்த ஹைட்ரஜனாகவும் இருக்கலாம். இவ்விரண்டையும் வீட்டில் பிரித்தறிய இயலாது. எனவே உப்பிய டின் எதுவாயினும் எறிய வேண்டியதே. ஒரு முனையை விரலால் அழுத்தும்போது ‘டிக்’ என்று உள்ளே போய் மறுமுனை வெளியே தள்ளினாலும், அழுத்திய இடமே மீண்டும் எழும்பினாலும் அதே முடிவுதான். சோடா, குளிர்பானக் கேன்களில் வாயுவை வேண்டுமென்றே அடைத்திருப்பதால் இச்சோதனை அவற்றுக்குப் பொருந்தாது.

உப்பாத டின் எல்லாம் பாதுகாப்பானது என்றும் கொள்ளலாகாது. 1978ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஒரே டின்னிலிருந்த சால்மன் மீனை உண்ட முதியோர் நால்வருக்குப் பாட்டுலிசம் ஏற்பட்டது, இருவர் உயிரிழந்தனர். அலாஸ்காவில் அடைக்கப்பட்ட அந்த டின்னில் இருந்த ஒரு சிறு பழுதின் வழியே, சூடாக்கும் பணி முடிந்த பிறகு கிருமி உட்புகுந்ததாக ஆய்வில் தெரியவந்தது. நசுங்கலையும் துருவையும் நாங்கள் பொருட்படுத்துவதற்குக் காரணம் இதுவே. இரண்டும் இத்தகைய நுண்துளைக்கு வழிவகுக்கக் கூடியவை.

மேல், கீழ் விளிம்புகளில் தகரம் மடித்து இறுக்கப்பட்டிருக்கும். பக்கவாட்டில் ஓர் இணைப்புக் கோடு இருக்கும். நசுங்கல் இவ்விடங்களில் இருந்தால் எறிந்துவிடுங்கள். மற்ற இடத்தில் இருந்தாலும், கூர்மையான மடிப்பு விழுந்திருந்தால், அல்லது விரல் படியும் அளவுக்குக் குழிந்திருந்தால் எறிந்துவிடுங்கள். நடுப்பகுதியில் மேலோட்டமான, வழவழப்பான நசுங்கல் மட்டும் இருந்தால் பயன்படுத்தலாம்.

துருவை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துரு நீங்கி, அடியில் தகரம் வழவழப்பாக இருந்தால் அது மேற்பரப்புத் துரு, விரைவில் பயன்படுத்திவிடலாம். துடைத்தும் போகாத துரு, செதில் செதிலாக உதிரும் துரு, சிறு குழிகள், பிசுபிசுப்பான கசிவு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் எறிய வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர்ப் பகுதி வீடுகளுக்குள் எண்ணெய் கலந்த நீர் புகுந்ததை நாம் அறிவோம். அத்தகைய நீரில் மூழ்கிய டின்கள் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அவற்றை உண்ணக் கொடுக்க வேண்டாம்.

ஐயத்துக்குரிய டின்னைத் திறந்து முகர்ந்தோ நாக்கில் வைத்தோ சோதிக்காதீர்கள். மிகச் சிறிதளவு நஞ்சே தீங்கு செய்யும். கொதிக்க வைத்தால் நஞ்சு அழியும் என்பது உண்மையாயினும், உப்பிய டின்னைத் திறக்கும்போதே உள்ளிருப்பது கையிலும் முகத்திலும் தெறிக்கலாம். டின்னைத் துளையிடாமல் இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி, குழந்தைகளுக்கும் தெருநாய்களுக்கும் எட்டாதவாறு குப்பையில் சேருங்கள். கசிந்திருந்தால் கையுறை அணிந்து, ஒரு பங்கு வீட்டு பிளீச் திரவத்தை எட்டுப் பங்கு நீரில் கலந்து அவ்விடத்தில் ஊற்றி, 15 நிமிடம் கழித்துத் துடையுங்கள். வேறெந்தத் துப்புரவுத் திரவத்தையும் அதனுடன் கலக்காதீர்கள்.

ஏற்கெனவே உண்டுவிட்டிருந்தால், பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்தில், சிலருக்குச் சில நாள்கள் கழித்தும், அறிகுறிகள் தோன்றும். இமை தொங்குதல், பொருள்கள் இரண்டாகத் தெரிதல், நா குழறுதல், விழுங்க இயலாமை ஆகியவை முதலில் வரும். பின்னர் தளர்ச்சி கை, கால்களுக்கு இறங்கும். காய்ச்சல் இராது, நினைவும் தெளிவாகவே இருக்கும். இதனைச் சோர்வு எனக் கருதிக் காத்திராமல் உடனே 108ஐ அழையுங்கள். மூச்சுத் தசைகள் தளர்வதே உயிருக்கு ஆபத்து. நச்சுமுறி மருந்து நரம்பில் இன்னும் பற்றாத நஞ்சை மட்டுமே தடுக்கும். ஆகவே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். எந்த டின்னிலிருந்து, எப்போது உண்டார் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே கூறுங்கள். டின் இன்னும் இருந்தால் பையில் கட்டி வைத்திருங்கள்.