மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

மண்டபம் தேடும்போது முதலில் கேட்கும் கேள்வி, “எத்தனை பேர் உட்காரலாம்?” ஆயிரம் என்று மேனேஜர் சொல்வார். அது மேடைக்கு முன்னால் போட்டிருக்கும் நாற்காலிக் கணக்கு. கல்யாணத்தின் நேரத்தைத் தீர்மானிப்பது சாப்பாட்டுக் கூடம்தான். ஆகவே ஒரு பந்திக்கு எத்தனை இலை விழும் என்று கேளுங்கள்.

800 பேர் மதியம் சாப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். பரிமாறி, சாப்பிட்டு, இலை எடுத்து, மேஜை துடைக்க ஒரு பந்திக்கு 40 நிமிடமாவது ஆகும். 200 இலைக் கூடமென்றால் நாலு பந்தி. பதினொன்றரைக்கு ஆரம்பித்தால் இரண்டே காலுக்குள் முடிந்துவிடும். 120 இலைதான் என்றால் ஏழு பந்தி, மணி நாலைத் தாண்டிவிடும். மூன்று மணிக்குக் காலி செய்யச் சொல்லும் மண்டபத்தில் கடைசிப் பந்திக்காரர்கள் பாயசத்தைக் காண்பது சந்தேகம்தான்.

ஃபோனில் பேசியது நிற்காது. வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டால் பதிலும் எழுத்தில் வரும். இப்படி எழுதலாம்:

“ஐயா, வணக்கம். என் மகள் கல்யாணத்துக்கு உங்கள் மண்டபம் வேண்டும். பிப்ரவரி 6 சனி மாலை ரிசப்ஷன், 7 ஞாயிறு காலை 7.30–9 முகூர்த்தம். தேதி காலியாக இருக்கிறதா? மதியம் 800 பேர் சாப்பிடுவார்கள். ஒரு பந்திக்கு எத்தனை இலை? சனிக்கிழமை எத்தனை மணிக்குச் சாவி தருவீர்கள், ஞாயிறு எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும்? வாடகை எவ்வளவு? அதில் ஏசி, ரூம்கள், ஜிஎஸ்டி சேர்ந்ததா? கரண்ட், ஜெனரேட்டர் டீசல், க்ளீனிங் தனியா? சமையலுக்கு எங்கள் ஆளை அழைத்து வரலாமா? பாத்திரம், சிலிண்டர் உங்களுடையதா?”

வாடகையில் ஏமாற்றம் பெரும்பாலும் ‘தனி’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. ஒரு லட்சம் என்று சொன்ன வாடகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தாலே 1,18,000. கரண்ட்டை மீட்டர் பார்த்து வாங்கினால் சாவி வாங்கும்போதே ரீடிங்கை ஃபோட்டோ எடுத்துவிடுங்கள்.

சமையலறைக் கேள்வியைத் தள்ளிப்போட வேண்டாம். சில மண்டபங்கள் தங்கள் காண்ட்ராக்டரைத் தவிர யாரையும் அடுப்படிக்குள் விடாது. சில இடங்களில் வெளியாளை அனுமதித்து, அதற்கென்று தனிக் கட்டணம் வைப்பார்கள். அசைவம் கூடாது என்ற விதி ரிசப்ஷன் மெனுவையே மாற்றிவிடும் என்பதால் அதையும் கேட்டுவிடுங்கள். வீட்டு சிலிண்டரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. வணிக சிலிண்டர்தான் வேண்டும், அதை யார் கொண்டுவருவது என்பதும் முடிவாகட்டும். நம் சமையல்காரரை ஒருமுறை கூட்டிப்போய் அடுப்பையும் தண்ணீர்க் குழாயையும் காட்டுவது நல்லது. அவருக்குத் தெரிவது நமக்குத் தெரியாது.

பதிலில் “அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்” என்று வந்தால், எந்தக் கேள்விக்கு அப்படி வந்ததோ அதையே மறுபடி கேளுங்கள். அட்வான்ஸ் ரசீதில் தேதியோடு சாவி தரும் நேரம், காலி செய்யும் நேரம், தேதி மாறினால் பணம் எவ்வளவு திரும்பும் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.