0.4 பெரிதா, 0.35 பெரிதா?

தசம எண் பாடம் தொடங்கும் நாளில் "இது உங்களுக்குத் தெரியுமா?" என்று வகுப்பைக் கேட்டால், "தெரியாது மிஸ், புதுசு" என்றுதான் பதில் வரும். பிள்ளைகள் பொய் சொல்வதில்லை. ஆனால் கடை ரசீதில் 12.50, தெர்மாமீட்டரில் 99.4, கிரிக்கெட் திரையில் 19.5 ஓவர் என்று தசமப் புள்ளியை அவர்கள் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். பார்த்ததிலிருந்து யாரும் சொல்லித் தராமலே சில விதிகளையும் ஊகித்து வைத்திருப்பார்கள்.

கிரிக்கெட்டில் அந்த ஊகம் நன்றாகவே வழிதவறும். 3.4 ஓவரும் 2.4 ஓவரும் சேர்ந்தால் 6.2 ஓவர், ஏனென்றால் ஆறு பந்து ஓர் ஓவர். கணக்கு நோட்டிலோ அதே கூட்டல் 5.8. புள்ளி ஒன்றுதான், பின்னால் வரும் இலக்கத்தின் பொருள் வேறு.

ஆகவே தெரியுமா என்று கேட்பதில் பயனில்லை, செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் கேய் ஸ்டேசி, விக்கி ஸ்டெய்ன்லி இருவரும் ஆயிரக்கணக்கான ஆஸ்திரேலிய மாணவர்களிடம் இப்படித்தான் செய்து பார்த்தார்கள். இரண்டிரண்டு தசம எண்களைக் கொடுத்து, பெரியது எது என்று குறிக்கச் சொன்னார்கள். கேள்வி எளிது, சூட்சுமம் எந்த எண்களை ஜோடி சேர்ப்பது என்பதில் இருக்கிறது.

முதல் ஜோடி 0.4, 0.35. இரண்டாவது 0.86, 0.3. இரண்டு மாணவிகள் விடை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். முதலாமவள் 0.35, 0.86 என்று எழுதுகிறாள். இரண்டாமவள் 0.4, 0.3 என்று எழுதுகிறாள். இருவருக்கும் இரண்டுக்கு ஒரு மதிப்பெண். மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்தால் இருவரும் ஒரே நிலை.

உண்மையில் அவர்கள் எதிரெதிர்த் திசையில் நிற்கிறார்கள். முதலாமவள் புள்ளியைக் கண்டுகொள்ளவே இல்லை. 35 என்பது 4-ஐவிடப் பெரிது, 86 என்பது 3-ஐவிடப் பெரிது, அவ்வளவுதான் அவள் கணக்கு. 0.35-ஐ "புள்ளி முப்பத்தஞ்சு" என்று வாசிக்கும் பழக்கமும் இதற்கு ஒத்து ஊதுகிறது. இரண்டாமவளோ கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்தவள். நூறில் ஒன்று பத்தில் ஒன்றைவிடச் சிறிது என்று எங்கோ கற்றிருக்கிறாள். அதனால் நூறில் ஒன்றாம் இடம்வரை நீளும் எண் எதுவானாலும் சிறியது என்று முடிவு கட்டிவிட்டாள். அப்படிப்பட்ட துண்டுகள் எத்தனை இருக்கின்றன என்பதை மட்டும் எண்ணவில்லை.

இப்போது ஆசிரியர் பொதுவாக, "நூறில் ஒன்று பத்தில் ஒன்றைவிடச் சிறிது, மறந்துவிடாதீர்கள்" என்று விளக்கினால் என்ன ஆகும்? முதலாமவளுக்கு அது ஓரளவு உதவும். இரண்டாமவளுக்கோ அவளுடைய தவறான விதிக்கு ஆசிரியரே முத்திரை குத்திக் கொடுத்தது போலாகிவிடும்.

முதலாமவளுக்கு வேண்டியது, ஒரு காகிதப் பட்டையைப் பத்தாகப் பிரித்து 0.4 என்றால் நான்கு பங்கு, 0.35 என்றால் மூன்று பங்கும் இன்னொன்றில் பாதியும் என்று காட்டுவது. இரண்டாமவளிடம் அதே பட்டையை நூறாகப் பிரித்துக் கொடுத்து, 0.3-இல் எத்தனை சிறு துண்டு என்று எண்ண விட வேண்டும். முப்பது என்று வந்ததும் 86-க்கு முன்னால் அது நிற்காது.

பல வகுப்புகளில் இந்தச் சிக்கல் வெளியில் வராமல் போவதற்குக் காரணம் பயிற்சிக் கணக்குகளே. 0.35, 0.41 என்று ஒரே நீளமுள்ள எண்களைக் கொடுத்தால் இருவருமே சரியாக எழுதிவிடுவார்கள். "கடைசியில் பூஜ்ஜியம் சேர்த்து நீளத்தைச் சமமாக்கு" என்ற குறுக்குவழியும் அப்படித்தான்: 0.40, 0.35 என்றதும் முதலாமவள் 40, 35 என்றே பார்த்துச் சரியான விடையைத் தொடுவாள். விடை திருந்தும், எண்ணம் திருந்தாது.

இந்தச் சோதனைக்கும் வரம்பு உண்டு. ஒரு ஜோடியில் குருட்டாம்போக்காகக் குறித்தாலும் பாதி வாய்ப்பு இருக்கிறது. எனவே ஒவ்வொரு வகையிலும் நான்கைந்து ஜோடிகள் வேண்டும். ஒரே மாதிரி தவறு திரும்பத் திரும்ப வந்தால்தான் அதற்குப் பின்னால் விதி இருக்கிறதென்று கொள்ளலாம். இரண்டு வகையும் சரியாக எழுதியவர்களிலும் சிலர் ரூபாய் பைசாவை நம்பி ஓட்டுபவர்கள். அவர்களைக் கண்டுபிடிக்க 4.45, 4.4502 என்ற ஜோடியைக் கொடுக்கலாம். பைசாவுக்குக் கீழே காசு கிடையாது என்பதால் இரண்டும் சமம் என்பார்கள், அல்லது தயங்குவார்கள்.

எழுத்துத் தேர்வுக்கு நேரமில்லாத ஆசிரியர், "0.3-க்கும் 0.4-க்கும் நடுவில் எண் ஏதாவது இருக்கிறதா?" என்று வாய்மொழியாகக் கேட்டுப் பார்க்கலாம். இல்லை என்பவனிடம் ஏன் என்று கேட்டால், மூணுக்கு அப்புறம் நாலுதானே என்பான்.