மாடி மழைநீர்: முதல் 50 லிட்டரை ஒதுக்கிவிடுங்கள்

மொட்டை மாடியில் விழும் மழைநீரைச் சேகரிக்க விரும்புவோர் தொட்டியின் அளவைப் பற்றி யோசிக்குமுன், முதல் மழை அடித்துவரும் அழுக்கை எப்படி ஒதுக்குவது என்பதை முடிவு செய்து கொள்ள வேண்டும். தூசி, பறவை எச்சம், சருகு ஆகியவை முதல் சில நிமிட மழையிலேயே கழுவப்பட்டு வருகின்றன.

100 சதுர மீட்டர் (சுமார் 1,075 சதுர அடி) மாடியை எடுத்துக்கொள்வோம். அதில் 1 மில்லிமீட்டர் மழைக்கு 100 லிட்டர் தண்ணீர் விழும். 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். தளம் உறிஞ்சுவதும் தெறிப்பதும் போக, ஏறக்குறைய 800 லிட்டர் கைக்கு வரும். முதல் அரை மில்லிமீட்டர் மழை, அதாவது 50 லிட்டர், தொட்டிக்குள் போகக் கூடாது. அருகில் மரமோ, புறாக்களோ இருந்தால் 100 லிட்டர் ஒதுக்குவது நல்லது.

அமைக்கும் முறை

மாடியின் நீர்ப்போக்கு வாயில் கம்பி வலை பொருத்துங்கள். இறங்கு குழாயின் மேற்பகுதியில் ஒரு 'டீ' இணைப்பு வைத்து, அதன் நேர் கீழே 6 அங்குலக் குழாயை 3 மீட்டர் நீளத்திற்குத் தொங்கவிட்டு, அடியில் திருகு மூடி போடுங்கள். இக்குழாய் சுமார் 50 லிட்டர் கொள்ளும். அது நிரம்பிய பிறகே தண்ணீர் டீயின் பக்கவாட்டுக் கிளை வழியாக வடிகட்டிக்குச் செல்லும். மூடியில் 2 மில்லிமீட்டர் துளை ஒன்று இருந்தால், மழை நின்ற சில மணி நேரத்தில் குழாய் தானே காலியாகிவிடும்.

வடிகட்டிக்கு 200 லிட்டர் பீப்பாய் போதும். அடியில் பெரிய ஜல்லி, அதன்மேல் சிறு ஜல்லி, மேலே கழுவிய பருமணல் என ஒவ்வொன்றும் சுமார் 20 சென்டிமீட்டர் இடவும். மணலுக்கும் ஜல்லிக்கும் இடையே நைலான் வலை வைக்கவும். கனமழையில் பீப்பாய் வழியும். ஆகவே, மேல்விளிம்பை ஒட்டி ஒரு வழிகுழாய் பொருத்தி, அதைக் கிணற்றுக்கோ, உறிஞ்சு குழிக்கோ விடவும்.

பருவப் பராமரிப்பு

அமைப்பு கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம், அந்தச் சிறு துளை அடைபடுவதுதான். துளை அடைபட்டால் குழாய் பழைய தண்ணீருடன் நிறைந்தே நிற்கும். அடுத்த மழையின் அழுக்கு முழுவதும் நேராக வடிகட்டிக்குப் போய்விடும். மழை நின்ற மறுநாள் குழாயைத் தட்டிப் பாருங்கள். மந்தமான ஓசை கேட்டால் தண்ணீர் இன்னும் நிற்கிறது என்று பொருள். மூடியைத் திருகிக் கழற்றி, சேற்றைக் கொட்டி, துளையைக் கம்பியால் குத்திவிடவும்.

செப்டம்பர் கடைசியில் மாடியைப் பெருக்கி, மணலை வெளியே எடுத்துக் கழுவி, வெயிலில் உலர்த்தி மீண்டும் இடவும். மழைக்காலத்தில் பீப்பாய் வழக்கத்தைவிட விரைவில் வழிந்தால், மணலின் மேல் 2 சென்டிமீட்டரைச் சுரண்டி எடுத்துப் புது மணல் போடவும். கோடை மழையில் தூசி அதிகம் என்பதால், அப்போது மூடியைக் கழற்றி வைத்து, தண்ணீரை வெளியே விட்டுவிடலாம்.

தொட்டிக்குள் வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும். இடைவெளி இருந்தால் கொசு முட்டையிடும். மூடி இறுக்கமாகவும், வழிகுழாயின் வாய் வலை கட்டியும் இருக்கட்டும். மணல் வடிகட்டி கிருமிகளை முழுமையாக அகற்றாது. ஆதலால் குடிப்பதற்கான தண்ணீரைக் கொதிக்க வைத்தே பயன்படுத்த வேண்டும்.